கீழ்ப்பாதித் தாள்

அந்தத் தாளை நடுவில் வெட்டியது நான்தான். எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடால் ஒரே இழுப்பு. பதினொரு தாள், இருபத்திரண்டு துண்டு. முழுத் தாளாகக் கொடுத்தால் மாதக் கடைசியில் காகிதம் தீர்ந்துபோய் மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் ஒரே கணக்கை ஒரு பக்கத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அச்சடித்து வெட்டிக்கொள்வேன். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

நான் கணக்கு சொல்லிக்கொடுப்பது சுமை தூக்குகிறவர்களுக்கு. சுமையைக் கம்பிவடத்தால் கட்டி, கிரேனில் மாட்டி, கையசைத்து ஏற்றி இறக்குகிற ஆட்கள். கார்டில் ரிக்கர் என்று போட்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் கார்டைப் புதுப்பிக்க எங்கள் பயிற்சி மையத்தில் பத்து நாள் உட்கார வேண்டும். அதில் நான்கு நாள் என்னுடையது. என் அப்பா இதே வேலையில் முதுகைத் தொலைத்தவர். அண்ணன் கிரேன் ஓட்டுகிறான். எனக்கு மட்டும் கணக்கு வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா வயது. டீச்சரம்மா என்பார்கள், பாதி மரியாதையும் பாதி நக்கலுமாக.

சரியான கணக்கை எத்தனை தடவை பலகையில் போட்டாலும் அவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டக் கழுத்து போதும், மண்டை வேண்டாம். அதனால் தவறைக் கண்டுபிடிக்கும் தாள்களை ஆரம்பித்தேன். முழுதாகப் போட்டு முடித்த ஒரு கணக்கு. அதில் ஒரே ஒரு வரியில் வேண்டுமென்றே ஒரு தவறு. எந்த வரி, ஏன் தவறு என்று அவர்கள் தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். தவறை வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூன்றும் நாலும் எட்டு என்று வைத்தால் அது சிறுபிள்ளை விளையாட்டு. வேலைத்தளத்தில் நிஜமாகவே ஒருவன் செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பிறகு வருவதெல்லாம் அந்தத் தவறிலிருந்து ஒழுங்காக நடந்து போக வேண்டும். கடைசி விடை பார்க்க நியாயமாக இருக்க வேண்டும். நன்றாகச் செய்த தாள், சரியான கணக்கைப் போலவே இருக்கும்.

இந்தத் தாள் நன்றாகச் செய்த தாள்.

சுமை இரண்டு டன். மேலே ஒன்றாக மாட்டி, கீழே இரண்டு கால்களாகப் பிரியும் வடம். வடத்துக்கும் தரைமட்டத்துக்கும் இடையில் கோணம் முப்பது. வரி ஒன்று: ஒரு காலுக்குப் பங்கு, இரண்டை இரண்டால் வகுத்தால் ஒரு டன். வரி இரண்டு: தொண்ணூறிலிருந்து முப்பது போனால் அறுபது, அட்டவணையில் அறுபதுக்கு நேரே 1.155. வரி மூன்று: ஒன்றை 1.155ஆல் பெருக்கினால் 1.155 டன். வரி நான்கு: ஆகவே காலுக்கு ஒன்றரை டன் தாங்கும் வடம் போதும்.

தவறு வரி இரண்டில். எந்தக் கோணத்துக்கு இழுவை எத்தனை மடங்கு என்று காட்ட நாங்கள் சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையும் கோணத்தைத் தரைமட்டத்திலிருந்துதான் அளக்கிறது. முப்பதைக் கழிக்காமல் அப்படியே பார்க்க வேண்டும். முப்பதுக்கு நேரே இருப்பது இரண்டு. ஒவ்வொரு காலும் இழுபடுவது இரண்டு டன். ஒன்றரை டன் வடம் போதாது. வடம் எவ்வளவு படுத்துக்கொள்கிறதோ அவ்வளவு இழுவை கூடும். இதைத் தளத்தில் பலபேர் கணக்குத் தெரியாமலே அறிந்திருக்கிறார்கள்.

அப்படி அறிந்த ஒருவரைத்தான் கொக்கி என்று கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயது. இருபத்தெட்டு வருஷம் இதே வேலை. ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கும். முதல் நாளே எழுந்து, அட்டவணையெல்லாம் எதற்கு, வடத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்றார். பக்கத்தில் இருந்தவன், அவர் பார்த்தா வடமே பயந்து நிமிர்ந்துக்கும் டீச்சரம்மா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கண் ஏமாத்தும், கணக்கு ஏமாத்தாது, கண்ணை நம்பாதீங்க என்றேன். இதைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்வேன்.

தாள் கொடுத்த நாள் அவர் வரவில்லை. மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. இருபத்தொரு பேர் வந்தார்கள், ஒரு துண்டு மிஞ்சியது. அதை மேசையில் ஓரமாக வைத்தேன். மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவர் வந்து, நேற்று நடத்தியது இதுதானே என்று யாரிடமோ கேட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தவறைக் கண்டுபிடி என்கிற தலைப்பு பக்கத்தின் உச்சியில் ஒரு தடவைதான் அச்சாகும். மையத்தின் முத்திரை பக்கத்தின் அடியில் ஒரு தடவை. வெட்டினால் மேல்பாதிக்குத் தலைப்பு போகும், கீழ்ப்பாதிக்கு முத்திரை. வகுப்பில் இருந்தவர்களுக்கு வாயால் சொல்லிவிட்டதால் இது ஒரு விஷயமே இல்லை. மிஞ்சியது கீழ்ப்பாதி.

பயிற்சி முடிந்த ஆறாவது வாரம், அரசின் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் மையத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் நாலாக மடித்துப் பிரித்த துண்டுத் தாள். மடிப்புகளில் எண்ணெய் ஏறியிருந்தது. ஒரு மூலையில் வேறு நிறம். அது என்ன என்று நான் கேட்கவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு தண்ணீர் ஏற்று நிலையத்தில் பழைய மோட்டாரை இறக்கும் வேலை. மோட்டார் இரண்டு டன். கூரை தாழ்வு, கிரேன் கொக்கி உயரப் போகாது, அதனால் குட்டை வடம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வடம் படுத்துக்கொண்டது. முப்பது கோணம் இருக்கும். ஒரு ஆள் உயரம் தூக்கியதும் வடத்தின் ஒரு கால் அறுந்தது. மோட்டார் சாய்ந்து கீழே நின்றவர் கால்மேல் விழுந்தது. அவர் கொக்கியின் மைத்துனர், தங்கையின் புருஷன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"இது உங்க மையத்துத் தாளா?" என்று கேட்டார்.

முத்திரை இருந்தது. ஆமாம் என்றேன். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் பத்தரை மணி வகுப்புக்குப் போனேன். பின்னங்கள் நடத்தினேன். யாரோ சந்தேகம் கேட்டார்கள், பதில் சொன்னேன். என்ன பதில் என்று இப்போது நினைவில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி வைத்தேன். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல மைத்துனரின் காலை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். வியாழக்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் கொக்கியின் கார்டு நிரந்தரமாக ரத்து. கார்டு இல்லாமல் எந்தத் தளத்து வாசலிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள். மோட்டார் வேலையை எடுத்த நிறுவனத்துக்கும் அதுதான் வசதி. அவர் தப்பாகக் கணக்குப் போட்டார் என்று முடிந்தால், இழை அறுந்த பழைய வடத்தை ஏன் கழித்துப் போடவில்லை என்று அவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். மேலாளர் இதையெல்லாம் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கவலை.

"நீ தலைப்பு போட்டுத்தானே அச்சடிச்ச?"

"போட்டேன்."

"அப்ப அவ்வளவுதான் சொல்லு. தாள்ல தலைப்பு இருந்துச்சு, அவர்கிட்ட இருக்கிறது பாதித் தாள். மேல்பாதி எங்க போச்சுன்னு அவரைக் கேக்கட்டும். நீ பொய் சொல்ல வேணாம்."

பொய் இல்லைதான். தாளில் தலைப்பு இருந்தது. அவரிடம் இருப்பது பாதித் தாள். வரிவரியாகப் பார்த்தால் எல்லாம் சரி.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் கிரேன் ஓட்டுபவன், ரிக்கர்களோடு தினமும் சண்டை போட்டு, தினமும் அவர்களோடு டீ குடிப்பவன். நியாயம் பேசுவான் என்று நினைத்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, நீ சொல்வதால் போன கால் திரும்ப முளைக்குமா என்றான். அண்ணி, முளைக்காதுதான், கார்டாவது முளைக்கட்டுமே என்றாள். நீ சும்மா இரு என்றான். அவள் சும்மா இருந்தாள். எனக்குக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

புதன்கிழமை அலமாரியைத் திறந்து அந்தக் கூட்டத்தின் தாள்களை எடுத்தேன். திருத்தி, மார்க் போட்டு, நூல் போட்டுக் கட்டி வைத்த இருபத்தொரு துண்டுகள். பின்பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதில் ஒரு தவறு இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன். வரி இரண்டு என்று எழுதியவர்கள் நாலே பேர். அதில் ஏன் என்று சரியாக எழுதியவர்கள் இரண்டு பேர். எட்டுப் பேர் வரி மூன்று என்று போட்டிருந்தார்கள், பெருக்கல் சரியாகவே இருந்தும். ஐந்து பேர் வரி ஒன்று. மூன்று பேர் வரி நான்கு. ஒருவர், தவறு எதுவும் இல்லை, நன்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளுக்கு நூற்றுக்குப் பத்து மார்க்தான். மற்றதில் எடுத்ததை வைத்து எல்லோரையும் தேறவைத்துவிட்டேன். மார்க்கைக் கூட்டியது நினைவிருக்கிறது. பதினேழு பேர் தவறவிட்டதைப் பார்த்தும் மறுநாள் அதை நான் திரும்ப நடத்தவில்லை. பாடத்திட்டத்தில் அடுத்தது பரப்பளவு.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. நடுவில் மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுற்றாத ஒரு மின்விசிறி. பாதுகாப்பு அதிகாரி தலைமையில் இருந்தார். நிறுவனத்தின் இன்ஜினியர் ஒரு பக்கம், நானும் மேலாளரும் மறுபக்கம். கொக்கி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை. கைகளை முட்டிமேல் கவிழ்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, வாங்க டீச்சரம்மா என்றார். அது பழக்கம், வேறொன்றுமில்லை.

பாதுகாப்பு அதிகாரி வடத்தைப் பற்றிச் சொன்னார். ஒன்றரை டன் என்பது பாதுகாப்புக்காக எழுதிய அளவு. புது வடமாக இருந்தால் இரண்டு டன்னுக்கு அறுந்திருக்காது. இதில் ஏற்கெனவே பல இழைகள் போயிருந்தன. இன்ஜினியர் அதைக் கேட்டும் கேளாததுபோல, பழையது என்றால் கட்டுகிறவர் பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு பிளாஸ்டிக் உறையை மேசையில் கொக்கியின் பக்கமாகத் தள்ளினார்.

"இருபத்தெட்டு வருஷ அனுபவம்னு சொல்றீங்க. இந்தக் கணக்குல ஒரு தப்பு இருக்கு. எந்த வரின்னு சொல்லுங்க பார்ப்போம்."

கொக்கி உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. எனக்கு அந்தக் கேள்வியின் வேலை புரிந்தது. சொல்லிவிட்டால், தெரிந்தே கட்டினார். சொல்லாவிட்டால், இதுகூடத் தெரியாதவருக்குக் கார்டு எதற்கு. என்னுடைய கேள்விதான் அது. நான் பின்பக்கம் எழுதச் சொல்லும் அதே கேள்வி.

"தெரியலைங்க சார்," என்றார் கொக்கி. "அன்னைக்கு வடத்தைப் பார்த்ததும் என் கை வேணாம்னுதான் சொல்லுச்சு. ரொம்பப் படுத்திருந்துச்சு. பெரிய வடம் எடுத்துட்டு வர்றேன்னு மைத்துனரும் கிளம்பிட்டாரு. நான்தான் நில்லுன்னேன். கண்ணை நம்பாதீங்க, கணக்கை நம்புங்கன்னு டீச்சரம்மா சொல்லியிருந்தாங்க. பைக்குள்ள தாள் இருந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். அதே ரெண்டு டன், அதே முப்பது. ஒன்றரை போதும்னு போட்டிருந்துச்சு. முத்திரை இருந்துச்சு. நம்பிட்டேன்."

அவர் யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மேலாளர் என் முழங்கையை லேசாகத் தொட்டார். தாளில் தலைப்பு இருந்ததா என்று பாதுகாப்பு அதிகாரி என்னைக் கேட்டார். இருந்தது என்றேன். பிறகு, அது மேல்பாதியில் இருந்தது, அவர் எடுத்தது கீழ்ப்பாதி, அவர் கிழிக்கவில்லை, நான் ஸ்கேல் வைத்து வெட்டினேன், ஓரத்தைப் பாருங்கள், நேராக இருக்கும் என்றேன். மேலாளர் கையை எடுத்துக்கொண்டார். நான் நூலை அவிழ்த்து இருபத்தொரு துண்டுகளையும் மேசையில் பரப்பினேன். தவறு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தே பதினேழு பேர் கண்டுபிடிக்கவில்லை. சொல்லாமல் கொடுத்த ஒருவர் கண்டுபிடிக்கவில்லை என்று கார்டைப் பிடுங்குவது எந்தக் கணக்கு என்று கேட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நன்றி என்று எழுதியிருந்த தாளில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்தப் பதினேழு பேரும் இப்ப எங்கே வேலை செய்யறாங்க?" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

முடிவு அடுத்த வாரம் தபாலில் வந்தது. கொக்கியின் கார்டு ரத்தாகவில்லை. ஒரு மாதம் நிறுத்தி வைப்பு, எச்சரிக்கை. நிறுவனத்தின் வடங்களெல்லாம் சோதனைக்கு. எங்கள் மையத்துக்குக் கண்டனம். அந்தக் கூட்டத்தில் இருந்த இருபத்திரண்டு பேரின் கார்டும் கணக்குப் பகுதியைத் திரும்பப் படித்துத் தேறும் வரை செல்லாது. நாலு நாள் வகுப்பு, நாலு நாள் கூலி இல்லை. என்னை மேலாளர் நிறுத்தவில்லை. அந்தக் கூலிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அவர்கள் வந்தார்கள். வெவ்வேறு ஊர்த் தளங்களிலிருந்து, பையும் தூக்கமில்லாத கண்ணுமாக. யாரும் டீச்சரம்மா என்று சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்தபோது முன்பு வடம் பயப்படும் என்று சொன்னவன் பக்கத்தில் இருந்தவனிடம், எனக்குக் கேட்கிற அளவுக்கு, "தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்களே, கண்டுபிடிச்சாச்சு. அதோ வருது," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவனுக்கு வீட்டில் கைக்குழந்தை. நான் வருகைப் பதிவை எடுத்தேன்.

கொக்கி கடைசி பெஞ்சில் இருந்தார். மைத்துனர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டார், இல்லாத கால் இரவில் அரிக்கிறது என்கிறார், தங்கச்சி இல்லாத இடத்தைச் சொறிந்துவிடுகிறாள் என்றார்.

மூன்று நாள் வடத்தையும் கோணத்தையும் மட்டும் நடத்தினேன். மையத்தின் முற்றத்தில் ஒரு கல்லைக் கட்டி, ஒவ்வொரு காலிலும் இழுவை காட்டும் தராசு மாட்டி, வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கவைத்து முள் ஏறுவதை அவர்களே பார்க்கும்படி செய்தேன். தராசு மையத்தில் முன்பே இருந்தது. பூட்டிய அறையில், பிரிக்காத பெட்டியில்.

நாலாம் நாள் அதே கணக்கைக் கொடுத்தேன். முழுத் தாளில். தலைப்பு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருக்கும்படி புதிதாக அடித்திருந்தேன். ஒரு மணி நேரம். பேனா உரசும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

அறை காலியானதும் திருத்த உட்கார்ந்தேன். முதலில் வரி எண்களை மட்டும் புரட்டிப் பார்த்தேன். பத்தொன்பது பேர் வரி இரண்டு. மூன்று பேர் இன்னும் வரி மூன்று. அந்த மூவரை நாளையும் வரச் சொல்ல வேண்டும். மார்க் போடும்போது பன்னிரண்டாவதாக வந்தது கொக்கியின் தாள். எழுத்துகள் பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயிருந்தன.

வரி இரண்டு. கோணம் தரையிலேர்ந்து அளந்தது. அட்டவணையும் தரையிலேர்ந்துதான். கழிச்சிருக்கக் கூடாது. ரெண்டு டன் இழுக்கும். பெரிய வடம் எடுத்துட்டு வரப் போனவரை விட்டிருக்கணும்.

கடைசி வாக்கியம் கேள்விக்குத் தேவையில்லாதது. அதன் கீழே கோடு போடவில்லை, அடிக்கவும் இல்லை. ஓரத்தில் பத்துக்குப் பத்து என்று எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போலத்தான் இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதின்மூன்றாவதை எடுத்தேன்.